காந்தம் திருப்பிவிட்ட ஒளி

டார்ச் விளக்கை எரியவிட்டு, அந்த வெளிச்சத்துக்குப் பக்கத்தில் எவ்வளவு பெரிய காந்தத்தைக் கொண்டுபோனாலும் ஒன்றும் ஆகாது. வெளிச்சம் வளையாது, மங்காது, நிறமும் மாறாது. இரும்பாணியைப் பாய்ந்து இழுக்கும் காந்தத்துக்கு ஒளியிடம் எந்த வேலையும் இல்லை என்றே யாருக்கும் தோன்றும். 1845 செப்டம்பர் வரை அறிவியல் உலகிலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். அந்த மாதம் 13-ஆம் தேதி, லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனின் ஆய்வுக்கூடத்தில் மைக்கேல் பாரடே ஒரு கனத்த கண்ணாடித் துண்டை மின்காந்தத்தின் அருகே வைத்தார். அன்று கண்டதை இன்று பாரடே சுழற்சி என்கிறோம். கண்ணாடி போன்ற ஒரு பொருளுக்குள், காந்தப்புலம் இருக்கும் திசையிலேயே ஒளி போனால், அந்த ஒளியின் அதிர்வுத் திசை மெல்லத் திரும்பிக்கொண்டே போகிறது.

அதிர்வுத் திசை என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஒளி ஓர் அலை. அது முன்னோக்கி ஓடும்போது அதன் அதிர்வு பயணத் திசைக்குக் குறுக்காக நடக்கிறது. சூரிய ஒளியிலும் டார்ச் வெளிச்சத்திலும் இந்த அதிர்வு மேலும் கீழுமாக, பக்கவாட்டில், சாய்வாக என்று எல்லாக் கோணங்களிலும் கலந்து கிடக்கும். போலராய்டு தகடு அவற்றில் ஒரு திசையை மட்டும் விட்டு மற்றதை நிறுத்திவிடும். அப்படி ஒரே திசையில் அதிரும் ஒளியைத்தான் பாடப்புத்தகம் தளவிளைவுற்ற ஒளி என்கிறது. லேப்டாப் திரையிலிருந்து வருவது இந்த வகை ஒளிதான். போலராய்டு கூலிங் கிளாஸைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துத் தலையை மெல்லச் சாய்த்தால், ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். திரையின் அதிர்வுத் திசையும் கண்ணாடி அனுமதிக்கும் திசையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வந்துவிட்டன என்று அதற்குப் பொருள்.

இந்த இருட்டுதான் பாரடேயின் கருவி. ஒளியின் அதிர்வுத் திசை ஒரு துளி திரும்பினாலும், முழு இருட்டில் ஒரு கீற்று வெளிச்சம் தலைகாட்டிவிடும். வெளிச்சத்தில் சிறு குறைவைக் கண்டுபிடிப்பதைவிட இருட்டில் சிறு வெளிச்சத்தைக் கண்டுபிடிப்பது கண்ணுக்குச் சுலபம்.

அவரைத் தூண்டிவிட்டதில் 21 வயது இளைஞர் ஒருவருக்கும் பங்கு உண்டு. பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட வில்லியம் தாம்சன், 1845 ஆகஸ்ட் மாதம் பாரடேவுக்கு ஒரு கடிதம் எழுதினார். மின்விசை செயல்படும் ஒளிபுகும் பொருளுக்குள் தளவிளைவுற்ற ஒளியை அனுப்பினால் ஏதாவது மாற்றம் தெரியுமா என்று அதில் கேட்டிருந்தார். பாரடே இதை 1820-களிலேயே ஒருமுறை முயன்று தோற்றவர். மறுபடி தொடங்கினார். மின்சாரத்தை வைத்து நாள் கணக்கில் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. (மின்விசைக்கும் அப்படி ஒரு விளைவு இருப்பதை 30 ஆண்டுகள் கழித்து, 1875-ல், ஜான் கெர் கண்டுபிடித்தார். பாரடே தேடியது இல்லாத பொருளை அல்ல. அவருடைய ஏற்பாட்டுக்கு அது அகப்படவில்லை, அவ்வளவுதான்.) பிறகுதான் மின்சாரத்தை விட்டுக் காந்தத்துக்கு வந்தார்.

ஏற்பாடு எளிமையானது. ஓர் எண்ணெய் விளக்கு. அதன் ஒளி ஒரு கண்ணாடிப் பரப்பில் குறிப்பிட்ட கோணத்தில் பட்டுத் தெறிக்கும்போது தளவிளைவு அடைந்துவிடும். கண்ணருகே நிக்கல் பட்டகம் என்ற படிகம்; அதைத் திருப்பி, விளக்கின் பிம்பம் மறையும்படி நிறுத்திவைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் சோதனைப் பொருள், அதன் அருகே மின்காந்தம். முதலில் வெறும் காற்றிலும் சாதாரண ஃபிளிண்ட் கண்ணாடியிலும் வேறு சில படிகங்களிலும் பார்த்தார். மின்சாரத்தைப் போட்டாலும் எடுத்தாலும் இருட்டு இருட்டாகவே இருந்தது.

அடுத்து எடுத்ததுதான் அந்தக் கனத்த கண்ணாடி. அதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1820-களின் பின்பாதியில், தொலைநோக்கிகளுக்கு நல்ல கண்ணாடி செய்து தரும் பொறுப்பு பாரடே தலையில் விழுந்தது. உலை மூட்டி ஆண்டுக்கணக்கில் பாடுபட்டும், எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. மிஞ்சியது ஈயமும் போரானும் சிலிக்காவும் கலந்த சில கட்டிகள். அதில் ஒன்று, ஏறக்குறைய இரண்டு அங்குல நீள அகலமும் அரை அங்குலத் தடிப்பும் கொண்ட துண்டு. பாரடேயின் வாழ்க்கையில் வீண் உழைப்பு என்று கணக்கெழுதப்பட்ட அந்த ஆண்டுகளுக்கு, பதினைந்து ஆண்டுகள் கழித்து இந்தத் துண்டுதான் வட்டியோடு பதில் சொன்னது.

அதிலும் உடனே பலன் கிடைத்துவிடவில்லை. காந்தத்தின் இரு முனைகளையும் கண்ணாடியின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து, ஒளிப்பாதைக்குக் குறுக்கே காந்தக் கோடுகள் போகும்படி செய்தபோது மாற்றமே இல்லை. முனைகளை இடம் மாற்றிப் பார்த்தார். வட முனையும் தென் முனையும் கண்ணாடியின் ஒரே பக்கத்தில், ஒளிப்பாதையின் ஆரம்பத்தில் ஒன்றும் கடைசியில் ஒன்றுமாக அமைந்தபோது, காந்தக் கோடுகள் கண்ணாடிக்குள் ஒளியோடு சேர்ந்து ஓடின. அப்போது மின்சாரத்தைப் போட்டதும் இருட்டுக்குள் விளக்கின் பிம்பம் எழுந்தது. நிறுத்தியதும் மறைந்தது. பிம்பம் சட்டென்று பளிச்சிடவில்லை, ஓரிரு விநாடியில் மெல்ல ஏறியது என்பதையும் அவர் கவனித்தார். மின்காந்தத்தின் இரும்பு முழு வலிமை பெற எடுத்துக்கொண்ட நேரம் அது. நிக்கல் பட்டகத்தைக் கொஞ்சம் திருப்பினால் பிம்பம் மறுபடி மறைந்தது. அதாவது ஒளி சிதறிப்போகவில்லை, அதன் அதிர்வுத் திசைதான் திரும்பியிருக்கிறது. திருப்ப வேண்டிய கோணமே சுழற்சியின் அளவு.

சில நாட்களில் இன்னும் பெரிய மின்காந்தம் ஒன்றைக் கடன் வாங்கிவந்து சோதித்தபோது, முதலில் ஏமாற்றிய சாதாரணக் கண்ணாடியிலும் தண்ணீரிலும்கூட விளைவு தெரிந்தது. பொருளுக்குப் பொருள் அளவுதான் வேறு. நவம்பர் 20-ஆம் தேதி ராயல் சொசைட்டியில் அவருடைய கட்டுரை வாசிக்கப்பட்டது.

ஒளி ஏன் திரும்ப வேண்டும்? ஒரே திசையில் அதிரும் ஒளியை, வலமாகத் திருகிச் செல்லும் அலை ஒன்று, இடமாகத் திருகிச் செல்லும் அலை ஒன்று என இரண்டின் கூட்டாகப் பார்க்கலாம். இரண்டும் ஒரே வேகத்தில் போனால் அவற்றின் கூட்டு எப்போதும் ஒரே திசையைக் காட்டும். பொருளுக்குள் இருக்கும் எலெக்ட்ரான்களோ காந்தப்புலத்தில் ஒரு பக்கமாகச் சுழலவே விரும்பும். அவற்றின் சுழற்சிக்கு இசைவாக வரும் அலைக்கு ஒரு வேகம், எதிராக வரும் அலைக்கு வேறொரு வேகம் வாய்க்கிறது. வித்தியாசம் மிகமிகச் சிறியது. ஆனாலும் போகப்போக ஓர் அலை இன்னொன்றைவிடப் பின்தங்குகிறது. பின்தங்கும் அளவுக்கு ஏற்ப, கூட்டின் திசை திரும்புகிறது. வெற்று வெளியில் எலெக்ட்ரான் இல்லை, ஆகவே அங்கே திருப்பமும் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாததற்குக் காரணம், அதன் அதிர்வுகள் எல்லாத் திசையிலும் கலந்து கிடப்பதும், காற்றில் இந்த விளைவு மிக அற்பமாக இருப்பதும்தான்.

திரும்பும் கோணம் காந்தப்புலத்தின் வலிமையையும் ஒளி கடந்த நீளத்தையும் பொறுத்து நேராகக் கூடும். பொருளின் தன்மையைக் குறிக்கும் எண்ணை, 1850-களில் இதை விரிவாக அளந்த பிரெஞ்சுக்காரர் எமில் வெர்டேயின் பெயரால் வெர்டே மாறிலி என்கிறார்கள். தண்ணீர் நிரப்பிய 10 செ.மீ. குழாயில், ஒரு டெஸ்லா காந்தப்புலத்தில், சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி சுமார் 22 பாகை திரும்பும். ஒரு டெஸ்லா என்பது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தத்தைவிடப் பல மடங்கு வலிமையானது. பாரடே ஏன் அத்தனை முறை இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பது இந்த எண்ணில் விளங்கிவிடும்.

இந்தத் திருப்பத்துக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. சர்க்கரைக் கரைசலும் ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்பும். ஆலைகளில் சர்க்கரையின் அடர்த்தியை அப்படித்தான் அளக்கிறார்கள். ஆனால் கரைசலைக் கடந்த ஒளியைக் கண்ணாடியில் பட்டு அதே வழியில் திரும்பிவரச் செய்தால், போகும்போது ஏறிய திருப்பம் வரும்போது இறங்கிவிடும். கணக்கு பூஜ்யம். பாரடே சுழற்சியில் அப்படி நடக்காது. எந்தப் பக்கம் திரும்புவது என்பதை முடிவுசெய்வது காந்தப்புலத்தின் திசை. ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அது பார்ப்பதில்லை. ஆகவே திரும்பிவரும் ஒளியும் அதே பக்கமே மேலும் திரும்புகிறது. கோணம் இரட்டிப்பாகிறது. பாரடே இதை உடனே பயன்படுத்திக்கொண்டார். தன் கண்ணாடியின் இரு முனைகளிலும் ரசம் பூசி, ஒளியை உள்ளுக்குள்ளேயே மூன்று முறை, ஐந்து முறை நடக்கவைத்து, சுழற்சியை மூன்று மடங்கு, ஐந்து மடங்கு ஆக்கிக் காட்டினார்.

இன்றைய லேசர் கருவிகளில் ஐசோலேட்டர் என்ற சிறு உறுப்பு இந்தக் குணத்தின் மேல்தான் நிற்கிறது. லேசர் அனுப்பிய ஒளியில் ஒரு துளி எங்காவது பட்டுத் திரும்பி லேசருக்குள்ளேயே நுழைந்தால், அதன் நிறமும் வலிமையும் தடுமாறத் தொடங்கும். அதைத் தடுக்க ஒருவழிப் பாதை வேண்டும். நிமிர்ந்த அதிர்வை மட்டும் விடும் ஒரு தகடு. அதற்குப் பிறகு காந்தத்துக்குள் ஒரு படிகம், ஒளியைச் சரியாக 45 பாகை திருப்பும். கடைசியில் 45 பாகைச் சாய்வில் இன்னொரு தகடு. போகும் ஒளி தடையில்லாமல் போய்விடும். திரும்பிவரும் ஒளி படிகத்தில் மேலும் 45 பாகை திரும்பி, மொத்தம் 90 பாகையில் படுத்த அதிர்வாக முதல் தகட்டை அடையும், அங்கே நின்றுவிடும். டெர்பியம் காலியம் கார்னெட் என்ற படிகத்தில், கண்ணுக்குத் தெரியாத 1064 நானோமீட்டர் லேசர் ஒளியை ஒரு டெஸ்லா புலத்தில் 45 பாகை திருப்ப சுமார் 2 செ.மீ. நீளம் போதும். ஆனால் வெப்பம் ஏறினாலோ லேசரின் அலைநீளம் மாறினாலோ 45 என்பது 44 ஆகிவிடும். அந்த ஒரு பாகைக்குத் தகுந்த ஒளி பின்பக்கம் கசியும்.

மேசைமேல் நடக்கும் இந்தக் காரியத்தைவிட வானத்தில் நடப்பது பெரிது. பாரடேவுக்குக் காந்தம் தெரியும், கண்ணாடி தெரியும், தேடியது திருப்பத்தை. வானியலார் கணக்கைத் தலைகீழாக்கினார்கள். திருப்பத்தை அளந்து, கையால் தொட முடியாத இடத்தில் உள்ள காந்தத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.

விண்மீன்களுக்கு இடையே உள்ள வெளி முழு வெறுமை அல்ல. அணுவிலிருந்து பிரிந்த எலெக்ட்ரான்கள் அங்கங்கே திரிகின்றன. மிக மெல்லிய இந்த ஊடகத்தில் கண்ணால் காணும் ஒளி திரும்புவது அளக்க முடியாத அளவுக்குச் சிறியது. ரேடியோ அலையின் கதை வேறு. கட்டற்ற எலெக்ட்ரான்களின் நடுவே, திரும்பும் கோணம் அலைநீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. அலைநீளம் இரண்டு மடங்கானால் திருப்பம் நான்கு மடங்கு. பத்து மடங்கானால் நூறு மடங்கு. கண்ணாடியில் நீல ஒளி சிவப்பைவிட அதிகம் திரும்பும். வெளியில் நீண்ட அலைதான் அதிகம் திரும்பும். 1962-ல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் பிரையன் கூப்பரும் மார்கஸ் பிரைஸும் சென்டாரஸ் ஏ என்ற விண்மீன் மண்டலத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளை வெவ்வேறு அலைநீளங்களில் அளந்தார்கள். அதிர்வுத் திசை இதே வர்க்க விதிப்படி மாறிக்கொண்டே போனது. நமக்கும் சென்டாரஸுக்கும் நடுவே எங்கோ காந்தப்புலம் இருக்கிறது என்று அதற்குப் பொருள்.

வர்க்கத்துக்கு முன்னால் பெருக்க வேண்டிய எண்ணைச் சுழற்சி அளவு என்கிறார்கள். அலைநீளத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமாக்கி, சுழற்சி அளவால் பெருக்கினால் திரும்பிய கோணம் ரேடியனில் கிடைக்கும். ஒரு ரேடியன் சுமார் 57 பாகை. இதை ஓர் உண்மையான விண்மீனை வைத்துப் போட்டுப் பார்க்கலாம்.

தென்வானத்தில் வேலா என்ற துடிப்பு விண்மீன் இருக்கிறது. வெடித்துப்போன ஒரு விண்மீனின் எஞ்சிய கரு அது. நொடிக்கு 11 முறை சுழன்று, ஒவ்வொரு சுற்றிலும் ரேடியோ துடிப்பு ஒன்றை நம் பக்கம் வீசுகிறது. தூரம் சுமார் 950 ஒளியாண்டுகள். அதன் துடிப்பு ஏறக்குறைய முழுவதும் தளவிளைவுற்றது என்பது அளப்பவர்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். சென்னையில் பிறந்தவரும் சி.வி. ராமனின் மகனுமான வி. ராதாகிருஷ்ணன், ஆஸ்திரேலியாவில் பணியாற்றியபோது 1969-ல் தன் சகாக்களுடன் இதே வேலாவின் அதிர்வுத் திசையை அளந்துதான், இத்தகைய துடிப்புகள் சுழலும் காந்தத் துருவத்தின் அருகிலிருந்து வருகின்றன என்ற படத்துக்கு வலுச் சேர்த்தார்.

வேலாவின் சுழற்சி அளவு சுமார் 31. பத்து செ.மீ. அலைநீளத்தில் அளந்தால் திருப்பம் 0.31 ரேடியன், அதாவது 18 பாகை. இருபது செ.மீ.யில் 71 பாகை. இப்போது ஊட்டிக்கு வரலாம். அங்கே முத்தோரை மலைச்சரிவில் 1970-லிருந்து இயங்கும் ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 326.5 மெகாஹெர்ட்ஸில், அதாவது 92 செ.மீ. அலைநீளத்தில் கேட்கிறது. அந்த அலைநீளத்தில் வேலாவின் அலை சுமார் 26 ரேடியன், அதாவது நான்கு முழுச் சுற்றுக்கும் மேல் திரும்பி வந்திருக்கும்.

ஊட்டித் தொலைநோக்கிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதன் குவியக்கோட்டில் வரிசையாக உள்ள 1,056 ஆன்டெனாக்களும் வடக்கு தெற்காகவே அமைந்தவை. ஒரே திசை அதிர்வை மட்டும்தான் அவற்றால் கேட்க முடியும். போலராய்டு தகடு அணிந்த கண் என்றே சொல்லலாம். அது ஒரே நேரத்தில் கேட்கும் சுமார் 16 மெகாஹெர்ட்ஸ் அகலத்தின் கீழ்முனையில் வேலாவின் அலை கொஞ்சம் அதிகமாகவும், மேல்முனையில் கொஞ்சம் குறைவாகவும் திரும்பியிருக்கும். இரு முனைக்கும் நடுவே வித்தியாசம் 150 பாகைக்கு அருகில். ஆகவே துடிப்பு ஓர் அதிர்வெண்ணில் பளிச்சென்றும், கொஞ்சம் தள்ளி மங்கியும் தெரியும். இதை அறியாதவர் கருவியில் கோளாறு என்று ரிசீவரைக் கழற்றிப் பார்ப்பார். அறிந்தவர், அந்த ஏற்ற இறக்கம் எத்தனை மெகாஹெர்ட்ஸுக்கு ஒருமுறை வருகிறது என்று அளந்து சுழற்சி அளவையே எடுத்துவிடுவார். ஒரு திசையை மட்டும் கேட்கும் குறையையே இப்படிக் கருவியாக்கி, ஊட்டியில் துடிப்பு விண்மீன்களின் தளவிளைவை அளக்கும் முறையும் உருவாக்கப்பட்டது.

31 என்ற எண் தனியே காந்தப்புலத்தைச் சொல்லிவிடாது. வலிய காந்தமும் கொஞ்சம் எலெக்ட்ரானும் தரும் அதே திருப்பத்தை, மெலிந்த காந்தமும் நிறைய எலெக்ட்ரானும் தரலாம். எலெக்ட்ரான்களைத் தனியே எண்ண வேண்டும். அதற்கும் வேலாவின் துடிப்பே உதவுகிறது. எலெக்ட்ரான்களின் நடுவே குறைந்த அதிர்வெண் அலை பின்தங்கும். ஒரே துடிப்பில் புறப்பட்ட அலைகளில், ஊட்டி கேட்கும் 326.5 மெகாஹெர்ட்ஸ் அலை, மிக உயர்ந்த அதிர்வெண் அலையைவிட 2.6 விநாடி தாமதமாக வந்துசேர்கிறது. 950 ஆண்டுப் பயணத்தில் 2.6 விநாடி! அந்தத் தாமதத்திலிருந்து வழியில் உள்ள எலெக்ட்ரான்களின் கணக்கு வருகிறது: நான்கு கன சென்டிமீட்டருக்கு ஒன்று என்ற அளவில். வானியலார் வழக்கில் அந்தக் கணக்கு 68. இதை 0.81-ஆல் பெருக்கி, 31-ஐ அதனால் வகுத்தால் கிடைப்பது 0.56 மைக்ரோகாஸ். நமக்கும் வேலாவுக்கும் நடுவே உள்ள சராசரிக் காந்தப்புலம் இதுதான். காம்பஸ் முள்ளைத் திருப்பும் பூமியின் காந்தப்புலத்தில் இது சுமார் ஏழு லட்சத்தில் ஒரு பங்கு. சுழற்சி அளவு நேர்க்குறியில் இருப்பதால், அந்தப் புலம் நம்மை நோக்கி இருக்கிறது என்பதும் தெரிகிறது.

சராசரி என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வழியில் பாதித் தூரம் புலம் நம்மை நோக்கியும் மீதிப் பாதி நம்மை விட்டு விலகியும் இருந்தால், ஒன்று ஏற்றிய திருப்பத்தை மற்றது இறக்கிவிடும். இரண்டு வலிய புலங்கள் சேர்ந்து பூஜ்யத்தைக் காட்டக்கூடும். பாதைக்குக் குறுக்கே ஓடும் புலமோ இந்த அளவையில் அகப்படவே அகப்படாது. முனைகளை எதிரெதிரே வைத்தபோது பாரடே கண்ட அதே இருட்டு. ஆகவே 0.56 என்பதைப் புலத்தின் முழு வலிமை என்று எடுத்துக்கொள்வது தவறு.

இன்னொரு பொறி, சுற்றுகளை எண்ணுவதில் இருக்கிறது. அதிர்வுத் திசை என்பது ஒரு கோடு. 180 பாகை திரும்பினால் பழையபடியே தெரியும். பத்து செ.மீ.யிலும் இருபது செ.மீ.யிலும் மட்டும் அளந்து, 53 பாகை வித்தியாசம் கண்டால், அது வெறும் 53-ஆ, 180-ஐக் கூட்டிய 233-ஆ என்று சொல்ல வழியில்லை. நிமிட முள் மட்டும் உள்ள கடிகாரத்தில் மணி கேட்பதைப் போன்றது அது. தீர்வு, நெருக்கமான பல அலைநீளங்களில் அளப்பது. பக்கத்துப் பக்கத்து அலைநீளங்களில் திருப்பம் கொஞ்சம்தான் மாறும். அதைத் தொடர்ந்துகொண்டே போனால் சுற்றுகளைத் தவறவிடாமல் எண்ணலாம். இன்றைய ரிசீவர்கள் ஆயிரக்கணக்கான சிறு அதிர்வெண் பிரிவுகளில் ஒரே நேரத்தில் அளப்பதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறைந்துவிட்டது.

மூன்றாவது தொல்லை நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. வெயிலில் பூமியின் மேல் வளிமண்டலத்தில் எலெக்ட்ரான்கள் பிரிகின்றன. அங்கே பூமியின் காந்தப்புலமும் உண்டு. அதுவும் தன் பங்குக்கு அலையைத் திருப்பும். அதன் சுழற்சி அளவு ஒன்று என்று வைத்துக்கொண்டாலும், 92 செ.மீ.யில் அது 48 பாகை. பகலில் கூடும், இரவில் குறையும். விண்மீனின் திருப்பத்தை அறிய இதைக் கழித்தாக வேண்டும். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் சிக்னல் அடையும் தாமதத்திலிருந்து அன்றன்றைய எலெக்ட்ரான் அளவை எடுத்து, அந்தக் கழித்தலைச் செய்கிறார்கள்.

சில சமயம் திருப்பம் அளவுக்கு மிஞ்சிப்போய், தளவிளைவே இல்லாததுபோல் ஏமாற்றும். எஃப்.ஆர்.பி. 121102 என்று பெயரிடப்பட்ட ஒரு மூலத்திலிருந்து, மில்லிவிநாடியில் முடிந்துபோகும் ரேடியோ வெடிப்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அது இருப்பது நம் பால்வீதிக்கு வெகுதூரம் வெளியே. 1.4 கிகாஹெர்ட்ஸ் அருகே கேட்டவர்களுக்கு அதில் தளவிளைவே தெரியவில்லை. போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கியில் 4.5 கிகாஹெர்ட்ஸ் அருகே கேட்டபோது காரணம் தெரிந்தது. சுழற்சி அளவு ஒரு லட்சத்துக்கும் மேல்! 1.4 கிகாஹெர்ட்ஸில் அந்த அலை சுமார் 750 சுற்று திரும்பியிருக்கும். ஒரே ஒரு மெகாஹெர்ட்ஸ் நகர்ந்தால் ஒரு முழுச் சுற்று வித்தியாசம். ரிசீவரின் ஒவ்வொரு சிறு பிரிவுக்குள்ளும் பல திசைகள் ஒன்றாகக் குவிந்து, ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. அதிர்வெண் கூடக்கூடத் திருப்பம் வர்க்க விகிதத்தில் குறைவதால், 4.5 கிகாஹெர்ட்ஸில் அந்தக் குழப்பம் விலகியது. அலை முழுவதும் தளவிளைவுற்றது என்று தெரிந்தது. 2018 ஜனவரியில் இந்த முடிவு வெளியானது.

அவ்வளவு பெரிய எண்ணைப் பால்வீதியின் மெல்லிய காந்தப்புலம் தந்திருக்க முடியாது. மூலத்தின் அருகிலேயே எலெக்ட்ரான் செறிந்த, காந்தம் மிகுந்த ஒரு சூழல் இருக்க வேண்டும். அந்த எண் நிலையாகவும் இல்லை: ஏழு மாதத்தில் பத்து சதவீதம் குறைந்திருந்தது.